சேர்க்கைக் கட்டுரையில் அப்பாவின் இறப்பு: நான்கு வரைவுகளும் ஒரு தையல் இயந்திரமும்

இங்கே அலசும் கட்டுரை தனி ஒருவருடையது அல்ல. பெற்றோரை இழந்த மாணவர்கள் எழுதும் கல்லூரிச் சேர்க்கைக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் தவறுகளையும், அவை சரியாகும் விதத்தையும் ஒரு மாணவியின் நான்கு வரைவுகளாகக் கோத்திருக்கிறோம். விண்ணப்பம், பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் வழியாகப் போகிறது. அதன் முதன்மைக் கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல், அதிகபட்சம் 650 சொல். எடுத்துக்காட்டு வரிகளைத் தமிழில் தந்திருக்கிறோம். கட்டுரை எந்த மொழியில் இருந்தாலும் கோளாறு ஒன்றுதான்.

மாணவி பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் திடீரென்று இறந்தார். வீட்டின் ஓர் அறையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அவர் போனபோது அந்த அறையில் பிறருடைய ஐந்து இயந்திரங்கள் பாதி வேலையில் நின்றன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. அட்டையில் அவர் கையெழுத்தில் ஒன்றிரண்டு சொற்கள்.

முதல் வரைவு

648 சொற்கள், 52 வாக்கியங்கள். தொடக்கம் இப்படி:

“அந்த இரவு தொலைபேசி ஒலித்தபோது என் உலகமே சுக்குநூறாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனை வராந்தாவின் வெள்ளை விளக்குகள் என்னை வெறித்துப் பார்த்தன. அம்மாவின் அலறல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.”

இதில் பொய் எதுவும் இல்லை. எல்லாம் நடந்ததுதான். ஆனாலும் படிக்கும் தேர்வாளர் இந்த வராந்தாவை வேறு பல கோப்புகளில் ஏற்கெனவே பார்த்திருப்பார். துக்கத்தின் முதல் மணி நேரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அழைப்பு, ஓட்டம், வராந்தா, அலறல். மாணவிக்கு அது வாழ்க்கையின் மிகத் தனிப்பட்ட நேரம். தாளில் வரும்போது அதுவே யாருடையது என்று அடையாளம் தெரியாத பகுதி ஆகிவிடுகிறது. இந்த வகைக் கட்டுரையின் முதல் சிக்கல் இதுதான். எழுதுபவருக்கு உள்ளிருந்து இது தெரிவதே இல்லை.

எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வேலை போதும். வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று பார்த்து வண்ணம் தீட்ட வேண்டும். அப்பா எழுவாயாக இருந்தால் நீலம். அம்மா, மருத்துவர், உறவினர் என்றால் பச்சை. ‘காலம்’, ‘வாழ்க்கை’, ‘விதி’ மாதிரியானவை சாம்பல். ‘நான்’ வந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அழுதேன், உடைந்தேன், உணர்ந்தேன், தவித்தேன் என்று ‘நான்’ எதையாவது அனுபவித்தால் கோடு மட்டும். திறந்தேன், கேட்டேன், கணக்குப் போட்டேன், தவறாக மாட்டினேன் என்று எதையாவது செய்தால் முழுப் பட்டை.

இந்த வரைவில் நீலம் 14, பச்சை 16, சாம்பல் 7, சிவப்பு 15. அந்தப் பதினைந்தில் பதினொன்று வெறும் கோடுதான். அவள் எதையாவது செய்த வாக்கியங்கள் 52இல் நான்கு. அந்த நான்கும் கடைசிப் பத்தியில் இருந்தன. “அப்பாவின் அறையில் இருந்த இயந்திரங்களைப் பழுது பார்த்து உரியவர்களிடம் ஒப்படைத்தேன்” என்ற வரியும் அதில் ஒன்று. ஐந்து இயந்திரங்கள், பல வாரங்கள், ஒரு வரி.

பரிதாபம் எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. மரணத்தைச் சொன்னதால் வரவில்லை. கட்டுரை நெடுக அவள் மேல் பிறர் செயல்களும் விதியின் செயல்களும் விழுந்துகொண்டே இருக்கின்றன, அவள் வாங்கிக்கொண்டே இருக்கிறாள். அப்படி வாங்குகிறவர்மேல் படிப்பவருக்குப் பரிதாபம்தான் வரும், வேறு எதற்கும் அங்கே இடமில்லை. இரண்டாவது காரணம், படிப்பவர் பட வேண்டிய துயரத்தை எழுதியவளே பட்டு முடித்துவிடுகிறாள். ‘சுக்குநூறு’, ‘தாங்க முடியாத’, ‘இருண்ட’ என்ற சொற்கள் வந்த பிறகு படிப்பவருக்குத் தலையை ஆட்டுவதைத் தவிர வேலை இல்லை.

முதல் வரைவை அவள் கிழித்துப் போட வேண்டியதில்லை. அது எழுதப்பட்டே ஆக வேண்டிய வரைவு. அனுப்ப வேண்டிய வரைவு அல்ல, அவ்வளவுதான். வழிகாட்டும் ஆசிரியர் இதன்மேல் சிவப்பு மை போட்டால் அடுத்த வரைவு வராது. “இந்த ஐந்து இயந்திரத்துக்கும் என்னென்ன கோளாறு?” என்று கேட்டால் வரும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சோதித்துவிடுவது நல்லது: அவள் இந்தத் தலைப்பில் எழுதும் நிலையில் இருக்கிறாளா? வரைவில் இருந்து ஏதேனும் ஒரு வாக்கியத்தை நீக்கச் சொல்லிப் பார்க்கலாம். ‘எதை வேண்டுமானாலும் தொடுங்கள், இதை மட்டும் தொடாதீர்கள்’ என்று நெஞ்சு அடைத்தால் இன்னும் நேரம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வில் முன்பின் தெரியாத ஒருவர் இதே கட்டுரையில் இருந்து கேள்வி கேட்கக்கூடும். பதில் சொல்ல முடியாத விஷயத்தைக் கட்டுரையில் வைக்கக் கூடாது. வேறு பொருளில் எழுதினால் எந்தக் குறையும் இல்லை. இறப்பைத் தெரிவிக்க விண்ணப்பத்தில் வேறு இடங்கள் இருக்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் வரைவு: மறைத்து வைத்த அதிர்ச்சி

பரிதாபம் தேடுகிறாய் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் நேர் எதிர்த்திசைக்குத் தாவிவிடுகிறார்கள். இவளும் தாவினாள். இரண்டாம் வரைவு முழுக்க இயந்திரங்கள்தான். ஊசி, பாபின், பெல்ட் என்று நன்றாகவே போனது. அறையில் அவள் தனியாக வேலை செய்கிறாள். ஏன் தனியாக என்று சொல்லவில்லை. கடைசி வரி: “அட்டைகளை எழுதிய என் அப்பா, அவற்றைப் படிக்க இனி வரமாட்டார்.”

எழுதும்போது இது அடக்கமாகத் தோன்றும். படிக்கும்போது பொறி வைத்த மாதிரி இருக்கிறது. மரணத்தை ஒளித்து வைத்துக் கடைசியில் திறந்து காட்டுவது அதை ஒரு திருப்பமாக்கிவிடுகிறது. முதல் வரைவில் இரக்கத்தை வெளிப்படையாகக் கேட்டாள். இதில் பின்வாசல் வழியாகக் கேட்கிறாள். நடைமுறைச் சிக்கலும் உண்டு. அப்பா இறந்தது தெரியாததால், பழுது பார்க்கத் தெரியாத ஒரு மாணவி ஏன் பிறர் இயந்திரங்களைத் திறக்கிறாள் என்று படிப்பவருக்கு நடுவில் குழப்பம் வருகிறது. குழப்பத்தோடு படித்த பகுதி மனதில் நிற்காது, அதுவும் கட்டுரையின் நல்ல பகுதி அது.

திருத்தம் சிறியது. மரணத்தை முதல் பத்தியிலேயே, சாதாரண வாக்கியத்தில், உரிச்சொல் இல்லாமல் சொல்லிவிட வேண்டும். ‘காலமானார்’, ‘எங்களை விட்டுப் பிரிந்தார்’ போன்ற மெத்தென்ற சொற்களைவிட ‘இறந்தார்’ நேராக இருக்கிறது. எப்போது, எதனால் என்பதைச் சுருக்கமாகச் சேர்க்கலாம். படிப்பவர் அதற்குமேல் அந்தக் கேள்வியைச் சுமக்க வேண்டாம்.

“நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பா மாரடைப்பில் இறந்தார். அவருடைய வேலை அறையில் வாடிக்கையாளர்களின் ஐந்து தையல் இயந்திரங்கள் இருந்தன.”

இரண்டு வாக்கியங்கள். முதலாவதில் எழுவாய் அப்பா, இரண்டாவதில் இயந்திரங்கள். மூன்றாவதில் இருந்து ‘நான்’ வேலை செய்யத் தொடங்குகிறாள்.

மூன்றாம் வரைவு: மரணம் வாத்தியார் ஆகிறது

மூன்றாம் வரைவின் தொடக்கம் சரியாகிவிட்டது, முடிவு வழுக்கியது. “அப்பாவின் மரணம் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது. அது இல்லாவிட்டால் இன்று நான் இவ்வளவு வலிமையானவளாக ஆகியிருக்க முடியாது. அவர் கனவை நிறைவேற்றுவேன்.”

இதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. காமன் ஆப் தரும் தலைப்புகளில் ஒன்று, சந்தித்த சவால் எப்படிப் பாதித்தது, அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்றுதான் கேட்கிறது. கேள்வி பாடம் கேட்டால் மாணவி பாடம் எழுதுவாள். ஆனால் ‘மரணம் கற்றுத் தந்தது’ என்ற வாக்கியத்தில் மரணம்தான் வேலை செய்கிறது. அவள் மறுபடியும் வாங்குகிற இடத்தில் நிற்கிறாள். அதோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் உள்ளே இருக்கிறது. அப்பா போனார், பொறுமை வந்தது. அந்தக் கணக்கு நேராகாது என்பது எழுதியவளுக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

‘அவர் கனவை நிறைவேற்றுவேன்’ என்பதில் வேறு ஓட்டை. கல்லூரி சேர்த்துக்கொள்வது அவளை. அவள் என்ன படிக்க விரும்புகிறாள், ஏன் என்பது அந்த வரியால் மறைந்துபோகிறது.

கற்றது என்ன என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்தான். அதைப் பண்புப் பெயராக (பொறுமை, வலிமை, பொறுப்பு) எழுதாமல், இப்போது அவள் மாற்றிச் செய்யும் ஒரு செயலாக எழுதினால் தீர்ந்தது. அந்தச் செயல் அவளிடம் இருந்தது. கேட்டால்தான் வெளியே வந்தது.

ஐந்தாவது அட்டை

நான்கு அட்டைகள் புரிந்தன. ‘பெல்ட்’, ‘பெல்ட் + எண்ணெய்’, ‘டென்ஷன் ஸ்பிரிங்’, ‘பாபின் கேஸ்’. ஐந்தாவதில் ‘ஊ.தி.’ என்று மட்டும் இருந்தது. உரிமையாளரின் பெயர் முதலெழுத்து என்று நினைத்துக்கொண்டு அவள் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தாள். தையல் விட்டு விட்டு விழுந்தது.

தையல் விடுவதற்கு ஒரு பெரிய காரணம் கொக்கியின் நேரம் தவறுவது. ஊசி அடிமட்டத்துக்குப் போய் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது மேல் நூல் ஊசியின் பின்னால் சிறு கண்ணியாக உப்பும். அந்த நொடியில் கீழே சுழலும் கொக்கியின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலாக வந்து அந்தக் கண்ணியைப் பிடிக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தையல் விழாது. இதைக் காணொளிகளில் பார்த்து அறிந்துகொண்ட அவள், கொக்கியின் திருகைத் தளர்த்தி நகர்த்தினாள். நிலைமை மோசமானது. இரண்டு மாலைகள் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் நூல் கோக்கும்போதுதான் ஊசியைக் கவனித்தாள். ஊசித் தண்டின் தட்டையான பக்கம் பின்னால் இருக்க வேண்டிய இயந்திரம் அது, முன்னால் இருந்தது. ஊசி திரும்பி மாட்டியிருந்தால் கண்ணி கொக்கிக்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஊ.தி. என்றால் ‘ஊசி திருப்பு’.

அப்பா கோளாறைக் கண்டுபிடித்து எழுதியே வைத்திருந்தார். இயந்திரத்தில் பழுதே இல்லை; பழுதை உண்டாக்கியவள் அவள்தான். ஊசியைத் திருப்பிய பிறகு, தான் கலைத்த கொக்கியை மறுபடி நேரத்துக்குக் கொண்டுவர அவளுக்கு இன்னொரு நாள் ஆனது. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தாமதத்துக்குக் காரணம் தான்தான் என்று உரிமையாளரிடம் சொன்னாள். அன்றிலிருந்து எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் ஊசியைக் கழற்றிப் புதிதாக மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருகாணியைத் தொடுகிறாள். பள்ளி ஆய்வகத்தில் மின்சுற்று வேலை செய்யாதபோதும் அதே வழக்கம்: கலைப்பதற்கு முன்பு, கலைக்காமல் சோதிக்கக் கூடியதை எல்லாம் சோதிப்பது.

கட்டுரைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. பொறியியல் படிக்க விண்ணப்பிக்கும் ஒருத்தி எப்படி யோசிக்கிறாள், எங்கே தவறினாள், தவறை யாரிடம் ஒப்புக்கொண்டாள், இப்போது என்ன மாற்றிச் செய்கிறாள். அப்பாவும் இருக்கிறார், அவளைவிடக் கெட்டிக்காரராக, இரண்டு எழுத்தில். முதல் வரைவின் ‘அன்பான, தன்னலமற்ற, கடின உழைப்பாளியான அப்பா’வை யாரும் பார்த்ததில்லை. ‘ஊ.தி.’ எழுதியவரைப் பார்த்துவிட்டோம்.

தவறைச் சேர்ப்பதற்கு மாணவர்கள் தயங்குவார்கள், ‘துக்கத்தில் இருந்தவள் திறமையாகச் சமாளித்தாள்’ என்ற படம் கெட்டுவிடும் என்று. கெடட்டும். துக்கத்தில் இருந்தும் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்கிற பிள்ளை, பரிதாபத்துக்குப் பதிலாக வியப்பைக் கேட்கிறது. கேட்பது கேட்பதுதான்.

நான்காம் வரைவு

590 சொற்கள். மரணத்துக்கு இரண்டு வாக்கியங்கள். முதல் நான்கு அட்டைகளுக்கு ஒரு குட்டிப் பத்தி. பாதிக்கு மேல் ஐந்தாவது இயந்திரம். மீதி ஆய்வக வழக்கமும், படிக்க விரும்பும் துறையும். வண்ணம் தீட்டிப் பார்த்தால் மொத்தம் 41 வாக்கியங்களில் 23இல் அவள் ஏதோ ஒன்றைச் செய்கிறாள்.

உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. ஒரு வரி இருக்கிறது: “ஐந்தாவது அட்டையை மட்டும் நான் நூலில் இருந்து அவிழ்க்கவில்லை; கத்தரித்து எடுத்தேன், முடிச்சு அவர் போட்டது.” அழுதேன் என்று எங்கும் இல்லை. இப்படி ஒன்று போதும். இரண்டாவது வந்தால் முதலாவதின் பலம் போய்விடும்.

நீக்கியவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா வாரக்கணக்கில் யாரிடமும் பேசாமல் இருந்தார் என்ற பத்தி முதல் வரைவிலும் மூன்றாம் வரைவிலும் இருந்தது. நன்றாக எழுதப்பட்டதும்கூட. ஆனால் அது அம்மாவின் கதை. உயிரோடு இருப்பவரின் உடைந்த நாட்களை முன்பின் தெரியாத தேர்வுக் குழுவிடம் காட்ட அவர் சம்மதம் வேண்டும். கேட்டபோது அம்மா வேண்டாம் என்றார், எடுத்தாயிற்று. இறந்தவர் விஷயத்திலும் குடும்பம் வெளியே சொல்லாத காரணங்கள் இருக்கலாம். தற்கொலை, குடி போன்றவை என்றால் காரணத்தைச் சொல்லாமல் ‘இறந்தார்’ என்று நிறுத்திவிட மாணவருக்கு முழு உரிமை உண்டு. அதை யாரும் மறைத்ததாக எண்ணமாட்டார்கள்.

மதிப்பெண் சரிவும் பணமும் எங்கே போகும்

முதல் வரைவு கனத்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேர்வாளருக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் அந்த ஒரே கட்டுரையில் ஏற்றப் பார்த்தாள். இரண்டாம் பருவத்தில் வேதியியல் மதிப்பெண் விழுந்தது, ஒரு மன்றப் பொறுப்பை விட்டது, வருமானம் குறைந்தது. இவை கட்டுரைக்கு உரியவை அல்ல, தகவல்கள். காமன் ஆப்பில் சவால்களையும் சூழ்நிலைகளையும் சொல்ல 250 சொல் அளவுக்குத் தனி இடம் இருக்கிறது. அங்கே குறிப்பு எழுதுவது போல வறட்டு நடையில் எழுதினால் போதும்:

“பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத் தொடக்கத்தில் என் தந்தை இறந்தார். மூன்று வாரம் பள்ளிக்குச் செல்லவில்லை. வேதியியல் ஆய்வகப் பதிவுகள் இரண்டு விடுபட்டன. அந்தப் பருவ மதிப்பெண் அதனால் குறைந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வார இறுதிகளில் பழுது பார்க்கும் வேலையைத் தொடர்வதால் மன்றப் பொறுப்பில் இருந்து விலகினேன்.”

எது, எப்போது, எதைப் பாதித்தது, இப்போது எப்படி. இந்த நான்கும் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். பள்ளியின் ஆலோசகர் எழுதும் பரிந்துரைக் கடிதத்திலும் இது வரலாம். அவரிடம் முன்கூட்டியே பேசி, யார் எதைச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டால் ஒரே செய்தி மூன்று இடத்தில் வராது. மூன்று இடத்தில் வந்தால், ஒவ்வொன்றும் அடக்கமாக இருந்தாலும், மொத்தத்தில் முறையீடு போல ஒலிக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கணக்கு வேறு. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். அதில் ஐந்தாவது கேள்வி மிகப் பெரிய சவாலையும், அதைத் தாண்ட எடுத்த முயற்சிகளையும், படிப்பை அது எப்படிப் பாதித்தது என்பதையும் சேர்த்தே கேட்கிறது. அங்கே மதிப்பெண் சரிவைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கேள்வியின் ஒரு பகுதிக்குப் பதில் இல்லை. காமன் ஆப் கட்டுரையை அப்படியே வெட்டிச் சுருக்கி இங்கே ஒட்டும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பகுதிதான்.

உதவித்தொகைக் கட்டுரையில் மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், அங்கே தேவையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தேவையைச் சொல்வது பரிதாபம் தேடுவது ஆகாது, எண்ணாகச் சொன்னால். “அப்பா இறந்தபின் நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்” என்பதில் படிப்பவர் கஷ்டத்தின் அளவைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. “வீட்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்பாவுடையது, இப்போது அம்மாவின் சம்பளத்தோடு என் பழுது வேலையும் சேர்ந்து பழைய வருமானத்தில் பாதியை எட்டுகிறது” என்பதில் அளவு இருக்கிறது, அவளும் இருக்கிறாள். இந்த உதவித்தொகை எந்தச் செலவை ஈடுகட்டும், மீதியை எப்படிச் சமாளிக்கப் போகிறாள் என்று அடுத்த வரியில் சொன்னால் தேவையின் பகுதி முடிந்தது. 250 சொல் கட்டுரையில் இதற்கு அறுபது, எழுபது சொல் போதும்.

பெற்றோரை இழந்தவர்களுக்கென்றே தரப்படும் உதவித்தொகை என்றால் இன்னும் குறையும். அங்கே விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அதே இழப்பு. அதை விவரிப்பதால் யாரும் யாரிடமிருந்தும் வேறுபடப் போவதில்லை. இவள் அந்த விண்ணப்பத்தில் இறப்பை ஒரே வாக்கியமாகச் சுருக்கினாள். வராந்தா, அலறல் எதுவும் இல்லை. தொடக்க வரி: “என் அப்பாவின் அறையில் ஐந்து தையல் இயந்திரங்கள் பாதி வேலையில் நின்றன.”